முன்னாள் மாணவர் விழா அழைப்பிதழ்: யார் பெயர் எங்கே, என்ன வாசகம்?

கேள்வி: 2001-இல் ஏற்காட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் நாங்கள். 25 ஆண்டு நிறைவாகப் பள்ளியிலேயே கூடி ஆசிரியர்களைச் சிறப்பிக்கிறோம். இப்போதைய தலைமை ஆசிரியர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், எம்.எல்.ஏ., எங்களோடு படித்து இப்போது ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருக்கும் நண்பர், பெரிய தொகை கொடுத்த நண்பர் எல்லோரும் வருகிறார்கள். அழைப்பிதழில் யார் பெயரை முதலில் போடுவது? வாசகம் எப்படி எழுதுவது?

பதில்:

தலைமை இப்போதைய தலைமை ஆசிரியருக்கு. சிறப்பு விருந்தினர் வரிசையில் முதலில் எம்.எல்.ஏ., அடுத்து ஐ.ஏ.எஸ். நண்பர். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் சிறப்புப் பெறும் ஆசிரியர்களில் முதலாமவர். பணம் கொடுத்த நண்பர் அழைப்பவர்களில் ஒருவர். இந்த நான்கு இடங்களும் ஏன் இப்படி அமைகின்றன என்பது தெரிந்துவிட்டால், கடைசி நேரத்தில் இன்னொருவர் வர ஒப்புக்கொண்டாலும் அவரை எங்கே சேர்ப்பது என்று குழம்ப வேண்டியிருக்காது.

முதலில் தலைமை. பழைய தலைமை ஆசிரியர் மீதுள்ள மரியாதையால் அவரையே தலைமை தாங்கச் சொல்லலாம் என்றுதான் பெரும்பாலும் தோன்றும். ஆனால் விழாவின் நோக்கமே அவரையும் மற்ற ஆசிரியர்களையும் சிறப்பிப்பது. தலைமை தாங்குபவர் சிறப்புச் செய்யும் தரப்பில் நிற்கிறார். பொன்னாடை பெறுபவர் பெறும் தரப்பில் நிற்கிறார். ஒருவரே இரண்டு பக்கமும் நின்றால், தன் தலைமையில் தனக்கே சிறப்பு என்றாகிவிடும். அதோடு, பள்ளி வளாகத்தில் நடக்கும் நிகழ்ச்சிக்கு இன்று பொறுப்பில் இருப்பவர்தான் வீட்டுக்காரர். அவரை முன்னிலையில் போட்டுவிட்டு வேறொருவரைத் தலைமையில் போட்டால், வெளியே சொல்லாவிட்டாலும் வருத்தம் இருக்கும். இதே விழா ஏதாவது விடுதி அரங்கில் நடந்தால் கதை வேறு. அங்கே முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் தலைமை ஏற்கலாம், இப்போதைய தலைமை ஆசிரியர் முன்னிலை வகிக்கலாம். தலைமை எப்போதும் ஒருவர்தான். ‘இணைத் தலைமை’ என்று இருவர் பெயரைப் போடுவது சிக்கலைத் தள்ளிவைக்குமே தவிர தீர்க்காது.

எம்.எல்.ஏ.வை முன்னிலையில் போடுவது அடுத்த தவறு. அழைப்பிதழை வாசிப்பவர் கண்ணுக்கு முன்னிலை என்பது தலைமைக்கு ஒரு படி கீழே. அதனால் பதவியில் பெரியவரை அங்கே வைக்காமல் சிறப்பு விருந்தினர் என்ற தனி வரிசைக்குக் கொண்டுபோவதுதான் மரபு. அந்த வரிசை தலைமையின் கீழ் வருவதில்லை, அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. முன்னிலை பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், உதவித் தலைமை ஆசிரியர், முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் போன்றவர்களுக்குரிய இடம்.

மக்கள் பிரதிநிதிகள் ஒருவருக்கு மேல் வந்தால் நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், உள்ளாட்சித் தலைவர் என்ற வரிசையில் போடுங்கள். ஏற்காட்டில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஏற்காடு சேலம் மாவட்டத்தில் இருந்தாலும் அதன் சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் அடங்கும். சேலம் எம்.பி.யை அழைத்து அவரை ‘நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்’ என்று அச்சிட்டுவிட்டால் இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டிவரும். ஏற்காடு சேலம் மாநகராட்சிக்குள் வராது என்பதால் அந்த மாநகராட்சி மேயர் வந்தாலும் அவர் விருந்தினராகத்தான் வருகிறார், உள்ளூர்த் தலைவராக அல்ல.

ஐ.ஏ.எஸ். நண்பர் விஷயத்தில் நீங்களாக முடிவெடுக்காமல் அவரையே கேளுங்கள். சிறப்பு விருந்தினராக வருகிறாரா, உங்களில் ஒருவராக நின்று அழைக்கிறாரா? இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம். விருந்தினர் என்றால் பெயருக்குக் கீழே பதவி ஒரு வரி, அதற்குக் கீழே ‘நம் பள்ளி முன்னாள் மாணவர் (2001)’ என்று ஒரு வரி. அழைப்பவர் என்றால் மற்ற நண்பர்களோடு ஒரே அளவு எழுத்தில், பதவி இல்லாமல் போட வேண்டும். மேலே விருந்தினராகவும் கீழே விழாக் குழு உறுப்பினராகவும் ஒரே ஆள் இரண்டு முறை வந்தால், தன்னைத் தானே அழைத்துக்கொண்டது போலாகும். பதவியில் இருக்கும் யாராக இருந்தாலும், எழுத்தில் இசைவு வந்த பிறகுதான் பெயர் அச்சுக்குப் போக வேண்டும்.

பணம் கொடுத்த நண்பருக்கு முன்னிலை கொடுப்பது ஊர் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவரும் அழைப்பவர்தான். அவர் தந்ததை நிகழ்ச்சி நிரலில் ‘பள்ளிக்கு நூலக நிதி வழங்குதல்’ என்று ஒரு நிகழ்வாக்கி, மேடையில் அவர் கையாலேயே கொடுக்க வையுங்கள். உதவிய எல்லோர் பெயரையும் தொகை குறிப்பிடாமல் பின் அட்டையில் போடலாம். தொகையைப் போட்டால் ஐந்நூறு ரூபாய் கொடுத்தவர் விழாவுக்கு வரவே தயங்குவார்.

ஆசிரியர்களின் வரிசைதான் மிக நுணுக்கமானது. வயது, பட்டம், பின்னாளில் அடைந்த பதவி, அகரவரிசை என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். முன்னாள் தலைமை ஆசிரியர்களை முதலில் பணிக்கால வரிசையில் போட்டுவிட்டு, மற்றவர்களை இந்தப் பள்ளியில் பணியில் சேர்ந்த ஆண்டு வரிசையில் போடுவதே யாரும் மறுக்க முடியாத முறை. ஒரே ஆண்டில் சேர்ந்தவர்களை மட்டும் அகரவரிசைப்படுத்துங்கள். பட்டியலின் தலைப்புக்குக் கீழே ‘பணியில் சேர்ந்த ஆண்டு வரிசையில்’ என்று சிறிய எழுத்தில் ஒரு வரி போட்டுவிடுங்கள். அந்த ஒரு வரி பல தொலைபேசி அழைப்புகளை மிச்சப்படுத்தும். ஒவ்வொருவர் பெயரின் கீழும் உங்கள் பள்ளியில் அவர் என்னவாக இருந்தார் என்பதையே எழுதுங்கள். பிற்காலத்தில் மாவட்டக் கல்வி அலுவலராக உயர்ந்து ஓய்வுபெற்றவராக இருந்தாலும், உங்களுக்கு அவர் ‘கணித ஆசிரியர் (1988–2004)’. இடமாறுதலில் போனவருக்கு ‘முன்னாள் ஆசிரியர்’, பணி நிறைவு பெற்றவருக்கு ‘ஓய்வுபெற்ற ஆசிரியர்’. இரண்டையும் கலக்க வேண்டாம். மணியடித்தவர், ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவர், விடுதிச் சமையலர் ஆகியோரையும் அழைக்கிறீர்கள் என்றால், ஆசிரியர்களுக்குப் போட்ட அதே ‘திரு.’, அதே ‘அவர்கள்’, அதே எழுத்தளவு அவர்களுக்கும் வேண்டும்.

இந்தப் பட்டியலை இரண்டு பத்தியாகப் போடும்போது அச்சகத்தில் ஒரு விபரீதம் நடக்கும். படிப்பவர் இடமிருந்து வலம், பிறகு அடுத்த வரி என்று படிப்பார். கணினியில் பக்கம் அமைப்பவரோ இடப் பத்தியை மேலிருந்து கீழ்வரை நிரப்பிவிட்டுத்தான் வலப் பத்திக்குப் போவார். பதினான்கு பேர் பட்டியலில் எட்டாவதாக இருப்பவர் வலப்பக்க உச்சியில், முதலாமவருக்கு இணையாக உட்கார்ந்துவிடுவார். இரண்டாமவர் அவருக்குக் கீழே இருப்பதாகத் தெரியும். இடம் இருந்தால் ஒரே பத்தியாகப் போடுங்கள். இல்லையென்றால் பெயர்களின் முன் எண் போட்டுக் கொடுத்து, எந்த எண் எங்கே வர வேண்டும் என்று கையால் கட்டம் வரைந்து காட்டுங்கள். சரிபார்த்த பிறகு எண்களை நீக்கிவிடலாம்.

இனி, அழைப்பிதழ்களில் வரும் மனத்தாங்கல்களில் பாதிக்குக் காரணமான ஒன்று. பெயர்களுக்கு இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்று மரியாதை வரிசை, மற்றொன்று பேசும் வரிசை. மரியாதை வரிசையில் பெரியவர் மேலே. பேசும் வரிசையில் பெரியவர் பின்னால் பேசுவார், வாழ்த்துரைகள் முன்னே வரும், சிறப்புரை பின்னே வரும். நிகழ்ச்சி நிரலை மட்டும் அச்சிட்டால் வரவேற்புரை வழங்கும் உங்கள் நண்பர் பெயர் உச்சியிலும் சிறப்பு விருந்தினர் பெயர் அடியிலும் போய் நிற்கும். அதனால் உள்பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். மேலே தலைமை, முன்னிலை, சிறப்பு விருந்தினர்கள், சிறப்புப் பெறும் ஆசிரியப் பெருமக்கள் என்று மரியாதை வரிசை. கீழே கோடு போட்டு ‘நிகழ்ச்சி நிரல்’ என்று நேர வரிசை. நிரலில் பெயரும் பதவியும் மறுபடி முழுதாக வேண்டாம், பேசுபவர் பெயர் மட்டும் போதும்.

நிரல் இப்படி அமையலாம்:

தமிழ்த்தாய் வாழ்த்து
மறைந்த ஆசிரியர்களுக்கும் நண்பர்களுக்கும் மௌன அஞ்சலி
வரவேற்புரை
தலைமையுரை
வாழ்த்துரை
சிறப்புரை
ஆசிரியப் பெருமக்களைச் சிறப்பித்தல்
ஆசியுரை: ஆசிரியப் பெருமக்கள்
பள்ளிக்கு நூலக நிதி வழங்குதல்
நன்றியுரை
நாட்டுப்பண்

இதில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். ஆசிரியர் மாணவனுக்குச் சொல்வது ஆசியுரை. எம்.எல்.ஏ., அதிகாரி, சங்கத் தலைவர் சொல்வது வாழ்த்துரை. ஆசிரியர் பெயருக்கு முன் ‘வாழ்த்துரை’ என்று போட்டால் அவரையும் விருந்தினர்களில் ஒருவராக்கிவிடுகிறோம். அதேபோல் ‘ஆசிரியர்களுக்குப் பாராட்டு விழா’ என்ற தொடரைத் தவிர்ப்பது நல்லது. பாராட்டு மேலிருந்து கீழே வருவது, அல்லது சமமானவர்களுக்குள் நடப்பது. மாணவர்கள் ஆசிரியரைச் சிறப்பிக்கலாம், வணங்கலாம், நன்றி தெரிவிக்கலாம். மறைந்தவர்களின் பெயர்களை அழைப்பிதழில் பட்டியலிடாமல் மேடையில் வாசிப்பதே பாதுகாப்பு. அச்சில் ஒருவர் விடுபட்டால் திருத்த முடியாது. உயிரோடு இருப்பவர் பெயர் தவறிச் சேர்ந்துவிட்டால் அதைவிட மோசம். ஒவ்வொரு பெயரையும் குடும்பத்தாரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே வாசியுங்கள்.

அடைமொழிகளுக்கு வருவோம். அமைச்சர்களுக்கும் நீதிபதிகளுக்கும் ‘மாண்புமிகு’. சட்டமன்ற உறுப்பினரை அவைக்குள் மாண்புமிகு உறுப்பினர் என்று அழைத்தாலும், அழைப்பிதழில் ‘திரு. … அவர்கள், சட்டமன்ற உறுப்பினர்’ என்பதே போதும். ஐ.ஏ.எஸ். என்பதற்குத் தமிழில் இ.ஆ.ப., ஐ.பி.எஸ். என்பதற்கு இ.கா.ப. பட்டம் பெயருக்கும் ‘அவர்கள்’ என்பதற்கும் நடுவில் வரும்: ‘திரு. …, இ.ஆ.ப., அவர்கள்’. ஆய்வுப் பட்டம் பெற்றவர் முனைவர், வைத்தியம் பார்ப்பவர் மருத்துவர். ‘டாக்டர்’ என்று பொதுவாகப் போட்டால் இருவரில் யார் என்று தெரியாது. முனைவர் போட்ட இடத்தில் மறுபடி ‘திரு.’ வேண்டாம். ஏற்காட்டில் கிறித்தவத் துறவியர் நடத்தும் பள்ளிகள் பல உள்ளதால் இதையும் சொல்ல வேண்டும்: குருவானவர் அருட்பணியாளர், துறவறச் சகோதரர் அருட்சகோதரர், கன்னியர் அருட்சகோதரி. சகோதரருக்குக் குருவானவரின் அடைமொழியைப் போட்டால் அவர்களே சங்கடப்படுவார்கள். ஆசிரியைகளில் யாருக்குத் திருமதி, யாருக்குச் செல்வி என்று ஊகிக்காதீர்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் எல்லோருக்கும், ஆண்களுக்கும் சேர்த்தே, ‘திருமிகு’ என்று போட்டுவிடலாம்.

தலைப்பெழுத்தையும் நீங்களாக மாற்றாதீர்கள். ‘எஸ்.’ என்று நாற்பது ஆண்டு கையெழுத்துப் போட்டவரின் தந்தை பெயர் சுப்பிரமணியம் என்றால் தமிழில் ‘சு.’, சண்முகம் என்றால் ‘ச.’, செல்வராஜ் என்றால் ‘செ.’ ஆகும். தெரியாமல் ‘ச.’ என்று போட்டால் தந்தையையே மாற்றிவிட்டோம் என்று பொருள். அவர் எப்படி எழுதுவாரோ அப்படியே கேட்டுப் போடுங்கள்.

‘அவர்கள்’ விஷயத்தில் பெரும்பாலோர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. அழைப்பவர் தமக்குத் தாமே மரியாதைச் சொல் போட்டுக்கொள்ளக் கூடாது. வரவேற்புரை, நன்றியுரை வழங்குபவர்கள் உங்கள் நண்பர்கள், அதாவது அழைக்கும் தரப்பு. அவர்கள் பெயருக்கு முன் ‘திரு.’ இல்லை, பின்னால் ‘அவர்கள்’ இல்லை. கீழே கையொப்ப இடத்திலும் அப்படியே: தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற வரிசையில் வெறும் பெயர்கள். பட்டங்களைப் போடுவதானால் எல்லோருக்கும் போடுங்கள், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். வாக்கியமாக எழுதும்போது ‘அவர்கள்’ என்று தொடங்கினால் ‘தலைமை ஏற்கிறார்கள்’ என்று முடியுங்கள். ‘அவர்கள் … ஏற்கிறார்’ என்று ஒரு வரியிலும், ‘ஏற்கிறார்கள்’ என்று அடுத்த வரியிலும் வந்தால் முதலாமவருக்கு மரியாதை குறைந்ததாகப் படும்.

முகப்பு வாசகத்துக்கு ஒரு மாதிரி. விழா நாள் 27.12.2026 என்று வைத்துக்கொள்வோம்:

‘அன்புடையீர், வணக்கம்.

நம் பள்ளியில் 2001-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு நிறைவு செய்த மாணவர்களின் வெள்ளிவிழாச் சந்திப்பும், ஆசிரியப் பெருமக்களைச் சிறப்பிக்கும் விழாவும் திருவள்ளுவர் ஆண்டு 2057, மார்கழித் திங்கள் 12-ஆம் நாள் (27.12.2026) ஞாயிற்றுக்கிழமை காலை 10.30 மணிக்குப் பள்ளிக் கலையரங்கில் நடைபெறும். தாங்கள் குடும்பத்தினருடன் வருகை தந்து விழாவைச் சிறப்பிக்க அன்புடன் வேண்டுகிறோம்.

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
2001-ஆம் ஆண்டு மாணவர்கள்’

இதில் ‘நம்’ என்ற சொல் படிப்பவரையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. ஆசிரியருக்கும் பழைய மாணவருக்கும் போகும் அட்டையில் ‘எங்கள் பள்ளி’ என்று எழுதினால் அவர்களை வெளியே நிறுத்தியதாகும். வெளி விருந்தினர்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதும்போது மட்டும் ‘எங்கள் பள்ளி’ சரி. திருவள்ளுவர் ஆண்டு ஆங்கில ஆண்டோடு 31 கூட்டினால் வரும். ஆனால் ஜனவரி முதல் நாளிலிருந்து பொங்கலுக்கு முந்தைய நாள் வரை 30 கூட்ட வேண்டும், ஏனெனில் ஆண்டு தை முதல் நாளில்தான் மாறுகிறது. ‘நிகழும் மங்களகரமான’ என்ற தொடக்கம் திருமணப் பத்திரிகைக்குரியது, இங்கே வேண்டாம். ‘குடும்பத்தினருடன்’ என்று எழுதுவதற்கு முன் மதிய உணவு எத்தனை இலைக்கு என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். உணவு உறுப்பினர்களுக்கு மட்டும் என்றால் அந்தச் சொல்லையே எடுத்துவிடுங்கள், ‘தாங்கள் வருகை தந்து’ போதும்.

வாக்கியத்தை நீட்டினால் கெடும். ‘… அவர்கள் தலைமையில், … அவர்கள் முன்னிலையில் நடைபெற உள்ளதால் தங்களை அன்புடன் அழைக்கிறோம்’ என்று எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடைப்பது பழக்கமாகிவிட்டது. அப்படி எழுதினால் தலைமை விழாவுக்கா, அழைப்புக்கா என்று புரியாது. அழைப்பு ஒரு வாக்கியம், பெயர்கள் தனி வரிகள் என்று பிரித்துவிடுங்கள். ‘அனைவரும் வருக! வருக!’ என்பது சுவரொட்டிக்கு.

கடைசியாக அச்சகம். நீங்கள் கைப்பேசியில் தட்டச்சு செய்து அனுப்பியதை, அச்சகத்தில் அவர்களுடைய பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது ‘கௌரவ’ என்பது ‘கெளரவ’ ஆகிவிடும். ஔகாரக் குறியின் இடத்தில் ளகரம் வந்து உட்கார்ந்திருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. ‘மௌன அஞ்சலி’யிலும் இதே ஆபத்து. ‘ஸ்ரீ’ உள்ள பெயர்களும் உடையும். மெய்ப்பைத் திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காமல் தாளில் அச்செடுத்து, எழுதியவர் அல்லாத இருவரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் மூலத்தோடு ஒப்பிடட்டும். பெயர்கள் எல்லாம் ஒரே எழுத்துரு, ஒரே அளவில் இருக்கின்றனவா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். நீளமான பெயர் வரிக்குள் அடங்கவில்லை என்று அச்சகத்தார் அதை மட்டும் சுருக்கியிருப்பார்கள். அந்தப் பெயருக்குரியவர் கண்ணில்தான் அது முதலில் படும். சுருக்குவதானால் எல்லாப் பெயர்களையும் சேர்த்துச் சுருக்கச் சொல்லுங்கள்.

பின் அட்டையில் வழியைப் போடும்போது அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் என்று வரிசையாக எழுதி, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள். எழுபது வயதைக் கடந்த ஆசிரியர்கள் அதைப் பார்த்துத்தான் வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அதனால் அதற்கு அடுத்த வரியிலேயே ‘ஆசிரியப் பெருமக்களை அழைத்துவரச் சேலத்திலிருந்து காலை 8.00 மணிக்கு வாகனம் புறப்படும், மாலை 4.00 மணிக்குத் திரும்பும்’ என்று போட்டு, யாரைத் தொடர்புகொள்வது என்ற எண்ணையும் தந்துவிடுங்கள்.